‘இஸ்’ எப்போது துணைவினை, எப்போது இல்லை

வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும் ஆங்கிலச் செயலட்டைகளில் வழக்கமாக ஒரு கேள்வி இருக்கும். சில வாக்கியங்களைக் கொடுத்து, துணைவினைக்குக் கீழே ஒரு கோடும் முதன்மை வினைக்குக் கீழே இரண்டு கோடும் போடச் சொல்லியிருப்பார்கள். ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’ வரும் வாக்கியங்களில் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. அவை வினைத்தொடரில் வந்தால் துணைவினைதான், யோசிக்காமல் ஒரு கோடு போடலாம். பி, ஹாவ், டூ என்ற மூன்றும் வரும்போதுதான் அழிறப்பரைத் தேடுகிறார்கள்.

தடுமாறுவதில் நியாயம் இருக்கிறது. ராண்டால்ஃப் குவேர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985 இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் வினைகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. முழுவினைகள் ஒரு பக்கம், ‘கேன்’ போன்ற துணைவினைகள் இன்னொரு பக்கம், இந்த மூன்றும் மட்டும் தனிக் கூட்டம். காரணம், இவை இரண்டு வேலையும் பார்க்கும். அதனால் சொல்லைப் பார்த்து விடை எழுத முடியாது. அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் படிப்பிப்பது வன்னியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. பிள்ளைகளில் பாதிப்பேர் வயல் வீடுகளிலிருந்து வருகிறார்கள், மிச்சப்பேரில் பலர் குளத்திலும் களப்பிலும் வலை போடும் வீடுகளிலிருந்து. ஆகவே என் செயலட்டைகளில் லண்டன் பஸ்ஸும் பனிமனிதனும் வராது. வலை, மாடு, தண்ணீர் மெசின்தான் வரும். போட்டோக் கொப்பிக் கடையில் கிடைக்கும் அட்டைகளை நான் அதிகம் பாவிப்பதில்லை. அவற்றில் உள்ள வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: ‘இஸ்’ஸுக்குப் பின்னால் ஐ.என்.ஜி. வந்தால் துணைவினை, பெயர்ச்சொல் வந்தால் முதன்மை வினை. பிள்ளை இலக்கணம் படிக்காமலே, பின்னால் வரும் எழுத்தைப் பார்த்து எல்லாவற்றுக்கும் சரி வாங்கிவிடும்.

தரம் 10 இல் ஒரு பிள்ளை இருந்தாள். எதையும் சும்மா ஒப்புக்கொள்ளமாட்டாள். கீழே உள்ள வாக்கியத்தில் ‘இஸ்’ஸுக்கு ஒரு கோடு போட்டிருந்தாள்.

```
My father is a fisherman.
```

நான் பிழை போட்டுக் கொடுத்ததும் கொப்பியோடு மேசைக்கு வந்துவிட்டாள். “ஏன் ரீச்சர் பிழை? கேள்வியாக்கினா இஸ் முன்னுக்கு வருதுதானே? இஸ் யுவர் ஃபாதர் எ ஃபிஷர்மன் எண்டுதானே கேக்கிறது? முன்னுக்கு வந்தா ஹெல்ப்பிங் வேர்ப் எண்டு ரியூசன்ல தந்த நோட்ஸில இருக்கு.”

“சரி, அப்ப இந்த வசனத்தில மெயின் வேர்ப் எங்க?”

அவள் தேடினாள். ‘ஃபிஷர்மன்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போடலாமா என்று கூட யோசித்தாள் போலிருக்கிறது, பேனை அங்கே ஒரு நிமிடம் நின்றது. பிறகு, “இல்ல ரீச்சர்” என்றாள்.

அந்த நோட்ஸ் முழுப் பொய் இல்லை. கேள்வியாக்கினால் எழுவாய்க்கு முன்னால் தாவும், ‘நாட்’ நேரே பின்னால் ஒட்டும். இந்த இரண்டு குணமும் துணைவினைகளுக்கு உண்டு. ஆனால் ‘பி’ முதன்மை வினையாக நிற்கும்போதும் அதே இரண்டு குணத்தையும் காட்டும். ஆகவே கேள்வியாக்கிப் பார்க்கும் சோதனை, ‘பி’யைப் பொறுத்தவரை எதையும் பிரித்துச் சொல்லாது. ‘டூ’வுக்கும், இன்றைய வழக்கில் ‘ஹாவ்’வுக்கும் அது நன்றாக வேலை செய்யும். மூன்றுக்கும் ஒரே சோதனை என்று எழுதிக் கொடுத்ததில்தான் நோட்ஸ் சறுக்கியது.

இதில் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ரொட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002 இல் கொண்டுவந்த இலக்கணம், அந்தத் தாவும் குணத்தையே அளவுகோலாக எடுத்து, ‘மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன்’ என்பதில் உள்ள ‘இஸ்’ஸையும் துணைவினை வகுப்பில்தான் சேர்க்கிறது. ஆக, என் மாணவி சொன்னதை உலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பாடசாலைச் செயலட்டை வேறு கணக்கில் போகிறது. ஒவ்வொரு முழு வாக்கியத்துக்கும் ஒரு முதன்மை வினை வேண்டும், அதற்கு உதவி செய்ய வருவது துணைவினை என்பதுதான் அங்கே அடிப்படை. அந்தக் கணக்கில் உதவி வாங்க இன்னொரு வினை இல்லாவிட்டால், இருக்கும் ஒன்றே முதன்மை வினை. செயலட்டையை எந்தக் கணக்கில் திருத்துகிறோம் என்பதை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அப்படியென்றால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? நான் சொல்வது ஒன்றுதான். முதலில் கோடு போடாதே. வாக்கியத்தின் வினைச் சொற்களை மட்டும் உருவி, வந்த ஒழுங்கிலேயே பக்கத்தில் எழுது. அதுதான் வினைத்தொடர். அந்தத் தொடரில் கடைசியாக நிற்பது முதன்மை வினை. அதற்கு முன்னால் நிற்பவை எல்லாம் துணை. தமிழில் இது தலைகீழ். ‘வந்துவிட்டான்’, ‘போய்க்கொண்டிருக்கிறாள்’ என்று நமக்குத் துணைவினை பின்னால்தான் ஒட்டும். அதனால் முதலில் வரும் வினைதான் முக்கியமானது என்று நம் பிள்ளைகளின் கண் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் கண்ணைத் தொடரின் வால்பக்கம் திருப்ப வேண்டும்.

இதைக் காட்ட நான் முதலில் தரும் சோடி இது.

```
The tank has been repaired.
The tank has been full since December.
```

குளம் என்றதும் பிள்ளைகளுக்கு இரணைமடுதான் ஞாபகம் வரும், மாரி மழையில் அது நிரம்பும் காலமும் தெரியும், ஆகவே பொருளில் குழப்பமில்லை. முதல் வாக்கியத்தில் வினைத்தொடர் ‘ஹாஸ், பீன், ரிப்பெயார்ட்’. கடைசியில் நிற்பது ‘ரிப்பெயார்ட்’, அதற்கு இரண்டு கோடு. முன்னால் உள்ள இரண்டும் துணை. இரண்டாவதில் ‘ஃபுல்’ வினையல்ல, பெயரடை. ஆகவே தொடர் ‘ஹாஸ், பீன்’ என்பதோடு முடிகிறது. இங்கே ‘பீன்’தான் முதன்மை வினை, ‘ஹாஸ்’ மட்டும் துணை. ‘பீன்’ என்றால் எப்போதும் துணை என்று பாடமாக்கிய பிள்ளை இந்த இடத்தில் தப்பவே முடியாது.

‘பீயிங்’குக்கும் இதே கதைதான். நெல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் செயப்பாட்டு வினையில் சொன்னால் ‘இஸ், பீயிங், ஹார்வெஸ்டட்’ என்று மூன்று வரும். கண்டக்டர் சிடுசிடுக்கிறார் என்று சொல்ல வந்தால் ‘இஸ், பீயிங்’ இரண்டுதான், ‘ரூட்’ பெயரடை. முதலாவதில் ‘பீயிங்’ துணை, இரண்டாவதில் முதன்மை.

```
The paddy is being harvested.
The conductor is being rude.
```

இவ்வளவும் நேர்வழி. இனி வருவதுதான் சிரமமான இடம். ஏனென்றால் தொடரை உருவி எழுது என்று சொல்வது எளிது. எந்தச் சொல் தொடருக்குள் வரும், எது வெளியே நிற்கும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வினை போலத் தோன்றும் சொல் எல்லாம் அந்தத் தொடரைச் சேர்ந்ததல்ல.

```
My father is mending the net.
My father's work is mending nets.
```

இரண்டிலும் ‘இஸ்’, இரண்டிலும் அடுத்த சொல் ‘மெண்டிங்’. கடை அட்டையில் பழகிய பிள்ளை இரண்டுக்கும் ஒரே விடை எழுதும். முதலாவதில் அப்பா இப்போது குந்தியிருந்து வலை பொத்துகிறார். ‘இஸ்’ துணை, ‘மெண்டிங்’ முதன்மை. இரண்டாவதில் யாரும் இப்போது எதையும் பொத்தவில்லை. அப்பாவின் தொழில் என்ன என்று சொல்கிறோம், அவ்வளவுதான். ‘மெண்டிங் நெட்ஸ்’ அங்கே ஒரு தொழிலின் பெயராக நிற்கிறது. ‘இஸ்’ தனியாக முதன்மை வினை.

பொருளைச் சொல்லி விளக்கினால் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் புரியும், மற்றப் பிள்ளை தலையாட்டும். ஆகவே கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனை வேண்டும். இந்த இடத்துக்கு இரண்டு இருக்கின்றன. முதலாவது, ‘இஸ்’ஸை எடுத்துவிட்டு ஐ.என்.ஜி. சொல்லைச் சாதாரண நிகழ்காலத்தில் போடுவது.

```
My father mends the net.
My father's work mends nets.
```

முதலாவது நல்ல வாக்கியம். இரண்டாவதைக் கேட்டதும் வகுப்பு சிரிக்கும், ஏனென்றால் அப்பா இல்லாமல் அவருடைய தொழிலே உட்கார்ந்து வலை பொத்துகிறது. சிரிப்பு வந்தால் ‘இஸ்’ துணைவினை அல்ல. இரண்டாவது சோதனை, ‘இஸ்’ஸின் இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றுவது. ‘மெண்டிங் நெட்ஸ் இஸ் மை ஃபாதர்ஸ் வேர்க்’ என்றால் சரியாக இருக்கிறது. ‘மெண்டிங் த நெட் இஸ் மை ஃபாதர்’ என்றால் வலை பொத்துவதுதான் என் அப்பா என்று ஆகிவிடும். இடம் மாற்றியும் வாக்கியம் நின்றால் ‘இஸ்’ முதன்மை வினை. முதல் சோதனையைத்தான் நான் அதிகம் பாவிக்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் சிரித்ததை மறக்கமாட்டார்கள்.

‘ஹாவ்’ பக்கம் வந்தால், தொடக்கம் எளிது. அம்மாவிடம் இரண்டு மாடு இருக்கிறது என்றால் ‘ஹாஸ்’ முதன்மை வினை. இரண்டு மாட்டை விற்றுவிட்டாள் என்றால் ‘ஹாஸ்’ துணை, ‘சோல்ட்’ முதன்மை. ‘ஹாஸ் ஹாட்’ என்று இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் அச்சுப் பிழை என்று நினைக்கிறார்கள். தொடரை உருவி எழுதினால் அதிலும் பிரச்சினை இல்லை: முன்னது துணை, பின்னது முதன்மை.

```
Amma has two cows.
Amma has sold two cows.
Amma has had two cows since 2019.
```

உண்மையான பொறி தண்ணீர் மெசினில் இருக்கிறது. இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தால், வகுப்பில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளே திகைக்கிறார்கள்.

```
Grandfather had repaired the pump.
Grandfather had the pump repaired.
Grandfather had the repaired pump.
```

சொற்கள் அதே சொற்கள். ஒன்று கூட மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியிருக்கிறது. முதலாவதில் தாத்தா தானே மெசினைத் திருத்தியிருந்தார். இரண்டாவதில் யாரையோ கொண்டு திருத்துவித்தார். மூன்றாவதில் திருத்திய மெசின் அவரிடம் இருந்தது. வகுப்பில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “யாற்ற கையில கிறீஸ்?” முதலாவதில் தாத்தாவின் கையில். இரண்டாவதில் மெக்கானிக்கின் கையில். மூன்றாவதில் யார் கையில் என்று வாக்கியம் சொல்லவில்லை.

கிறீஸ் தாத்தாவின் கையில் இருந்தால், அதாவது ‘ஹாட்’டின் எழுவாயும் திருத்தியவரும் ஒரே ஆளாக இருந்தால், இரண்டு வினையும் ஒரே தொடர். ‘ஹாட், ரிப்பெயார்ட்’ என்று எழுதலாம், ‘ஹாட்’ துணை. கிறீஸ் வேறொருவர் கையில் இருந்தாலும், யார் கையில் என்று தெரியாவிட்டாலும், ‘ரிப்பெயார்ட்’ தாத்தாவின் வினைத்தொடரில் சேராது. அது மெசினைப் பற்றிச் சொல்லும் சொல். தொடரில் ‘ஹாட்’ மட்டும்தான் மிஞ்சும். ஆகவே அது முதன்மை வினை.

பொருளை நம்பாத பிள்ளைக்கு இங்கே கேள்வியாக்கும் சோதனையைக் கொடுக்கலாம். ‘பி’யிடம் தோற்ற அதே சோதனை ‘ஹாவ்’விடம் ஒழுங்காக வேலை செய்கிறது.

```
Had Grandfather repaired the pump?
Did Grandfather have the pump repaired?
Did Grandfather have the repaired pump?
```

முதலாவதில் ‘ஹாட்’ தானே முன்னால் தாவியது. மற்ற இரண்டிலும் தாவ முடியாமல் ‘டிட்’டைக் கூட்டிக்கொண்டு வந்தது. கேள்வி கேட்க ‘டூ’வின் உதவியைத் தேடும் வினை, அந்த இடத்தில் தான் துணைவினை அல்ல என்று தானே சொல்லிவிடுகிறது. எதிர்மறையாக்கினாலும் இதே முடிவு வரும்: ‘ஹாட் நாட் ரிப்பெயார்ட்’ ஒரு பக்கம், ‘டிட் நாட் ஹாவ்’ மறுபக்கம்.

பழைய பிரித்தானிய வழக்கில் ‘ஹாவ் யூ எ பென்?’ என்று கேட்பதுண்டு. அங்கே முதன்மை வினையான ‘ஹாவ்’வே முன்னால் தாவுகிறது. எங்கள் ஊரில் பழைய ஆங்கில ஆசிரியர்களிடம் படித்த பெரியவர்கள் இன்றும் அப்படிக் கேட்பார்கள். செயலட்டையில் அந்த வடிவத்தை நான் வைப்பதில்லை. வந்தால், பின்னால் வேறு வினை இல்லை என்பதை வைத்து முதன்மை என்று எழுதச் சொல்வேன். ‘ஹாவ் யூ காட் எ பென்?’ என்று வந்தால் அது வேறு: ‘ஹாவ்’ துணை, ‘காட்’ முதன்மை. பொருள் இரண்டிலும் ஒன்றே என்பது பிள்ளைகளுக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.

‘டூ’ இந்த மூன்றிலும் மிகவும் நேர்மையானது என்பது என் அபிப்பிராயம். துணையாக வரும் ‘டூ’ வேறு எந்தத் துணைவினையோடும் சேர்ந்து வராது. ‘வில் டூ’, ‘ஹாஸ் டன்’ என்று பார்த்தால், அங்கே உள்ள ‘டூ’வும் ‘டன்’னும் முதன்மை வினை என்று உடனே முடிவெடுக்கலாம். ‘டூயிங்’, ‘டன்’ என்ற வடிவங்கள் நல்ல எழுத்து ஆங்கிலத்தில் முதன்மை வினையாகத்தான் வரும் என்று செயலட்டைக்குப் போதுமான அளவில் சொல்லலாம். குழம்பும் இடங்கள் இந்த மூன்றும்.

```
She did not do the sum.
I do want to come.
Don't be late.
```

முதலாவதில் ‘டிட்’ துணை, ‘டூ’ முதன்மை. இரண்டாவதைப் பிள்ளைகள் பிழை வாக்கியம் என்று வெட்டிவிடுகிறார்கள். கேள்வியும் இல்லை, எதிர்மறையும் இல்லை, பிறகு ஏன் ‘டூ’ என்று கேட்கிறார்கள். நான் வரத்தான் விரும்புகிறேன் என்று நாம் ‘தான்’ போட்டு அழுத்துவதை அங்கே ‘டூ’ செய்கிறது. அது துணை, ‘வாண்ட்’ முதன்மை. ‘டு கம்’ தனித் தொடர், அதை இதற்குள் இழுக்கக் கூடாது. மூன்றாவது எனக்குப் பிடித்த வாக்கியம். நம் மூன்று சொற்களில் இரண்டு அதில் ஒன்றாக வருகின்றன, ‘டூ’ துணையாக, ‘பி’ முதன்மையாக. சாதாரண வாக்கியத்தில் ‘பி’ ஒருபோதும் ‘டூ’வின் உதவியை ஏற்காது. ‘டூ யூ பி லேட்?’ என்று யாரும் கேட்பதில்லை. கட்டளை வாக்கியத்தில் மட்டும் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடுகிறது.

இனி தொடர் அறுந்து போகும் இடம். உரையாடல் வடிவில் செயலட்டை கொடுத்தால் இது கட்டாயம் வரும்.

```
"Who has done the homework?"  "I have."
"Do you have a pen?"  "Yes, I do."
```

‘ஐ ஹாவ்’ என்ற விடையில் வேறு வினை இல்லை. உருவி எழுதினால் ‘ஹாவ்’ மட்டும்தான் கிடைக்கும். அப்ப அது முதன்மை வினைதானே என்று பிள்ளை கேட்கும். என் விதியை வைத்தே என்னைப் பிடிக்கும் இடம் இது. ஆகவே விதிக்கு ஒரு முன்வேலை சேர்க்க வேண்டும்: குறுவிடையாக இருந்தால் முதலில் அதை முழுவாக்கியமாக நிரப்பு. ‘ஐ ஹாவ் டன் த ஹோம்வேர்க்’. இப்போது தொடர் ‘ஹாவ், டன்’. எழுதப்படாமல் விட்ட ‘டன்’தான் முதன்மை, கண்ணில் படும் ‘ஹாவ்’ துணை. இரண்டாவது உரையாடலில் ‘யெஸ், ஐ டூ’ என்பதை நிரப்பினால் ‘ஐ டூ ஹாவ் எ பென்’ வரும். கேள்வியில் முதன்மை வினையாக நின்ற ‘ஹாவ்’ விடையில் மறைந்துபோக, ‘டூ’ மட்டும் துணையாக நிற்கிறது. செயலட்டையில் முதன்மை வினைக்குக் கோடு போட இடமில்லை என்றால், மறைந்த சொல்லை அடைப்புக்குள் எழுதிக் கோடு போடச் சொல்கிறேன். கோடு போடாமல் விட்டால் பிள்ளைக்குத் தெரிந்ததா தெரியாததா என்று எனக்குத் தெரியாது.

சில வாக்கியங்களைச் செயலட்டையில் வைக்கவே கூடாது, அல்லது வைத்தால் இரண்டு விடைக்கும் புள்ளி கொடுக்க வேண்டும். ‘த ஷொப் இஸ் க்ளோஸ்ட்’ அப்படிப்பட்டது. கடை பூட்டிய நிலையில் இருக்கிறது என்றால் ‘க்ளோஸ்ட்’ பெயரடை, ‘இஸ்’ முதன்மை. ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்குப் பூட்டப்படுகிறது என்றால் செயப்பாட்டு வினை, ‘இஸ்’ துணை. வாக்கியத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆகவே பக்கத்தில் ஏதாவது சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

```
The gate was closed by the watchman at six.
The gate was closed all day.
```

யார் செய்தது, எந்த நேரத்தில் செய்தது என்று சொன்னால் அங்கே ஒரு செயல் நடந்திருக்கிறது, ‘வாஸ்’ துணை. நாள் முழுக்க அப்படியே இருந்தது என்றால் நிலை, ‘வாஸ்’ முதன்மை. ‘டயர்ட்’, ‘இன்டரஸ்டட்’ போன்ற சொற்களுக்கு முன்னால் ‘வெரி’ போட்டுப் பார்க்கலாம். ‘ஷி இஸ் வெரி டயர்ட்’ என்றால் பொருந்துகிறது, ஆகவே அது பெயரடை. ‘வெரி ரிப்பெயார்ட்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் ‘க்ளோஸ்ட்’டுக்கு இந்த ‘வெரி’ சோதனையும் உதவாது, ஏனென்றால் பெயரடையாக நிற்கும்போதும் அது ‘வெரி’யை எடுக்க விரும்புவதில்லை.

இன்னொன்று ‘ஹாவ் டு’. ‘வி ஹாவ் டு வோக்’ என்றால் நடந்துதான் போக வேண்டும். பொருளில் அது ‘மஸ்ட்’டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதனால் துணை போலத் தெரிகிறது. கேள்வியாக்கினால் ‘டூ வி ஹாவ் டு வோக்?’ என்று ‘டூ’வைத் தேடுகிறது, அதனால் முதன்மை வினை போல நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதை ஒரு கோடா இரண்டு கோடா என்று பிள்ளையிடம் கேட்டுப் புள்ளி வெட்டுவது நியாயமில்லை. கடை அட்டைகளில் இது தாராளமாக வருகிறது. விடைத்தாளில் ஒன்றில் துணை என்றும், இன்னொன்றில் முதன்மை என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அதைக் கொண்டு வந்து எது சரி என்று கேட்டால், பெயர் வைப்பதை விட்டுவிட்டு, அதன் கேள்வி வடிவத்தை எழுதிக் காட்டு என்று சொல்வேன். அது தெரிந்தால் போதும்.

செயலட்டை தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம். வாக்கியங்களைத் தனித்தனியாகப் போடாமல் சோடியாகப் போடுங்கள், இரண்டிலும் அதே சொல் அதே வடிவத்தில் இருக்கட்டும். ‘இஸ் மெண்டிங்’ ஒன்றுக்கு ‘இஸ் மெண்டிங்’ இன்னொன்று, ‘பீன்’ ஒன்றுக்கு ‘பீன்’ இன்னொன்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் வினைத்தொடரை எழுத ஒரு சின்னக் கட்டம் விடுங்கள். புள்ளியில் பாதியை அந்தக் கட்டத்துக்குக் கொடுங்கள். கோட்டை மட்டும் பார்த்தால், தெரிந்து போட்டதையும் ஊகித்துப் போட்டதையும் பிரிக்க முடியாது. தாத்தா யாரையோ கொண்டு மெசினைத் திருத்துவித்த வாக்கியத்துக்கு, கட்டத்தில் ‘ஹாட், ரிப்பெயார்ட்’ என்று எழுதிவிட்டுத் ‘ஹாட்’டுக்கு இரண்டு கோடு போட்ட பிள்ளைக்குச் சோதனை தெரியவில்லை. ‘ஹாட்’ மட்டும் எழுதி ஒரு கோடு போட்ட பிள்ளைக்கு விதி தலைகீழாக ஏறியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பிழை, திருத்தும் விதமும் வேறு.

அட்டையின் கடைசியில் நான் வழக்கமாக வைப்பது சுருக்கக் குறியோடு வரும் வாக்கியங்கள்.

```
She's finished the exam.
She's finishing the exam.
She's late for the exam.
```

‘ஷி’க்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை எழுத்து முதலாவதில் ‘ஹாஸ்’, மற்ற இரண்டில் ‘இஸ்’. விரித்து எழுதாமல் கோடு போடத் தொடங்கினால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். விரித்து எழுதினால், முதலிரண்டிலும் அது துணை, மூன்றாவதில் முதன்மை. இங்கே முதல் வாக்கியத்தில் சோதனையைப் பெயராகச் சொல்லியிருப்பதால் ‘ஹாஸ்’ என்பது நிச்சயம். வெறும் ‘ஷீஸ் ஃபினிஷ்ட்’ என்று விட்டிருந்தால் ‘இஸ்’ என்றும் விரிக்கலாம், அவள் வேலை முடித்து நிற்கிறாள் என்ற பொருளில். அதனால்தான் ‘த எக்ஸாம்’ என்ற இரண்டு சொல்லையும் வேண்டுமென்றே சேர்த்து வைத்தேன்.